32 கட்டத்துக்குள் தமிழ் வரியை மடிப்பது: எதை எண்ண வேண்டும்?

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வலையும் கயிறும் விற்கும் கடைகளிலும், புதுச்சேரி நேரு வீதியின் துணிக்கடைகளிலும், கல்லாவின் ஓரத்தில் சிறிய பில் பிரிண்டர் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இவற்றில் சிறிய வகை 58 மில்லிமீட்டர் அகலத் தாளை எடுக்கும். அதில் அச்சாகும் பகுதி 48 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 அச்சுப்புள்ளி என்ற கணக்கில் ஒரு வரிக்கு 384 அச்சுப்புள்ளிகள். பிரிண்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் ஆங்கில எழுத்துரு, எழுத்து ஒன்றுக்கு 12 அச்சுப்புள்ளி எடுத்துக்கொள்வதால் ஒரு வரியில் 32 எழுத்து அடங்கும். பில்லிங் மென்பொருள்களில் ‘வரிக்கு 32’ என்று எழுதப்பட்டிருக்கும் எண் இங்கிருந்து வந்ததுதான்.

ஆங்கிலத்தில் பில் அடிக்கும் வரை அந்த எண்ணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பில்லின் அடியில் தமிழில் ஒரு வாசகம் போட வேண்டும் என்று கடைக்காரர் கேட்கும்போதுதான், 32 என்பது எதனுடைய 32 என்ற கேள்வி எழுகிறது. அந்த வாசகம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

வாங்கிய பொருள்களை மூன்று நாள்களுக்குள் ரசீதுடன் கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம்

இதை 32 கட்டத்துக்குள், எந்தச் சொல்லும் உடையாமல், வரி வரியாக மடிக்க வேண்டும். மடிக்கும் முறை எளிது. முதல் சொல்லை வரியில் வை. அடுத்த சொல்லை ஓர் இடைவெளியோடு சேர்த்துப் பார். வரியின் நீளம் எல்லைக்குள் இருந்தால் சேர்த்துக்கொள், மீறினால் அந்தச் சொல்லைப் புதிய வரியின் தொடக்கமாக வை. சொற்கள் தீரும் வரை இதையே செய். லினக்ஸில் உள்ள fold -s ஆனாலும், பைத்தானின் textwrap ஆனாலும், அடிப்படையில் செய்வது இதைத்தான். பத்தி முழுவதையும் பார்த்து வரிகளைச் சமன்செய்யும் நுட்பமான முறைகள் உண்டு. அவை புத்தக அச்சுக்குப் பொருந்தும், பில்லுக்குத் தேவையில்லை. தமிழில் தவறு நேர்வது இந்தப் படிகளில் எதிலும் இல்லை. ‘வரியின் நீளம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போன அந்த இடத்தில்தான் நேர்கிறது.

யூனிகோடில் தமிழ் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். ‘கடலூர்’ என்ற சொல்லைப் படிப்பவர் அதில் க, ட, லூ, ர் என நான்கு எழுத்துகளைக் காண்கிறார். கணினியின் நினைவகத்தில் இருப்பவையோ க, ட, ல, ஊகாரக் குறி, ர, மெய்ப்புள்ளி என ஆறு. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அதைக் குறியெண் என்போம். தமிழுக்கு ஒதுக்கப்பட்ட குறியெண்கள் U+0B80 முதல் U+0BFF வரை உள்ள பகுதியில் இருக்கின்றன. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது இவை ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘கடலூர்’ என்பது படிப்பவருக்கு 4, நிரலுக்கு 6, கோப்புக்கு 18. ‘புதுச்சேரி’ அதே வரிசையில் 5, 10, 30.

நம் வாசகத்தை இந்த மூன்று கணக்கிலும் எண்ணலாம். எழுத்தாக எண்ணினால் ஏழு சொற்களும் முறையே 4, 5, 3, 7, 5, 7, 9; ஆறு இடைவெளிகளையும் சேர்த்தால் 46. குறியெண்ணாக எண்ணினால் 7, 9, 6, 13, 8, 13, 17, இடைவெளிகளுடன் 79. பைட்டாக எண்ணினால் மொத்தம் 225. ஒரே வாசகம், ஒரே எல்லை 32. ஆனால் நீளம் 46 என்று நினைக்கும் நிரலும் 225 என்று நினைக்கும் நிரலும் ஒரே இடத்தில் மடிக்கப் போவதில்லை.

முதலில் பைட் கணக்கு. குனூ தொகுப்பில் வரும் fold நெடுங்காலம் பைட்டையே எண்ணி வந்தது. பழைய கணினிகளில் இன்றும் அப்படித்தான். அதில் -s -w 32 என்று கொடுத்தால் ‘வாங்கிய’ 21 பைட்; அதோடு ‘பொருள்களை’ சேர்ந்தால் 49 ஆகிவிடும் என்பதால் முதல் வரியில் ஒரு சொல்தான் நிற்கும். இரண்டாம் வரியிலும் மூன்றாம் வரியிலும் அதே கதை. நான்காவது சொல்லான ‘நாள்களுக்குள்’ 39 பைட் நீளம் என்பதால் தனியாக நின்றாலும் 32-க்குள் அடங்காது. ஆகவே fold அதை 32-ஆம் பைட்டில் வெட்டும். முதல் பத்துக் குறியெண்களுக்கு 30 பைட் போய்விடும். பதினோராவது குறியெண் ‘கு’வில் உள்ள உகரக் குறி; அதன் மூன்று பைட்டுகளில் இரண்டு இந்த வரியிலும் ஒன்று அடுத்த வரியிலும் போய் விழும். இரண்டு துண்டுகளும் எதையும் குறிக்காதவை என்பதால் திரையில் இரண்டு வரியிலும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தோன்றும். இந்தக் குறியை வரி முடிவிலும் அடுத்த வரித் தொடக்கத்திலும் சேர்த்துப் பார்த்தால், யாரோ பைட்டை எண்ணுகிறார்கள் என்று உடனே சொல்லிவிடலாம்.

குறியெண் கணக்கு இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் அதன் பிழை பெரும்பாலும் கண்ணில் படாது. பைத்தானில் len என்பது குறியெண்களை எண்ணும்; textwrap அதைத்தான் நம்புகிறது. 32 என்று கொடுத்தால் அது தரும் விடை இது:

```
வாங்கிய பொருள்களை மூன்று
நாள்களுக்குள் ரசீதுடன்
கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம்
```

மூன்று வரிகளும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. எந்தச் சொல்லும் உடையவில்லை. நிரலின் கணக்கில் இவை 24, 22, 31. படிப்பவரின் எழுத்துக் கணக்கில் 14, 13, 17. அதாவது 32 எழுத்துக்கு இடம் கேட்டவருக்கு அதில் பாதியளவே கிடைத்திருக்கிறது. இதைப் பார்ப்பவர் வரிகள் கொஞ்சம் குட்டையாக இருக்கின்றன என்று நினைப்பாரே தவிர, எண்ணிக்கை தவறு என்று நினைக்க மாட்டார். தமிழில் புள்ளியோ உயிர்க்குறியோ பெறாத எழுத்து அகரமேறிய மெய்யும் உயிரும் ஆய்தமும்தான்; மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு குறியெண்கள் தேவை. ஆகவே சாதாரண உரைநடையில் குறியெண் எண்ணிக்கை எழுத்து எண்ணிக்கையைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகமாக வரும். நம் வாசகத்தில் 40 எழுத்துக்கு 73 குறியெண்.

இந்த மறைந்த பிழை வெளியே வருவது ஒரு சொல் எல்லையைவிட நீளமாகும்போது. பில்லில் பொருளின் பெயருக்கு 16 கட்டம், அளவுக்கும் விலைக்கும் மீதி என்று பிரித்திருந்தால் இது அடிக்கடி நடக்கும். textwrap-இல் break_long_words என்ற அமைப்பு, யாரும் மாற்றாவிட்டால், இயல்பாகவே ‘ஆம்’ என்று இருக்கும். எல்லைக்குள் அடங்காத சொல்லை அது எல்லையிலேயே வெட்டிவிடும். ‘மாற்றிக்கொள்ளலாம்’ என்ற சொல்லை 16-க்கு மடித்துப் பாருங்கள்:

```python
import textwrap
textwrap.wrap('மாற்றிக்கொள்ளலாம்', 16)
```

அந்தச் சொல்லில் 17 குறியெண்கள். பதினாறாவது ‘ம’, பதினேழாவது அதன் மேல் இருக்க வேண்டிய மெய்ப்புள்ளி. ஆகவே முதல் வரியில் ‘மாற்றிக்கொள்ளலாம’ என்று நின்றுவிடும். அடுத்த வரியில் புள்ளி மட்டும் தனியாக வரும். தாங்கிக்கொள்ள எழுத்து இல்லாத குறியை எழுத்துரு, கோடிட்ட சிறு வட்டம் ஒன்றின் மேல் வைத்துக் காட்டும். வரித் தொடக்கத்தில் அப்படி ஒரு வட்டத்தைக் கண்டால் குறியெண் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இத்தனைக்கும் அந்தச் சொல்லில் இருப்பவை ஒன்பதே எழுத்துகள். 16 எழுத்துக்கு இடமுள்ள பகுதியில் அதை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

ஆக, பிரிக்கக் கூடாத அலகு எது என்பதை நிரலுக்குச் சொல்ல வேண்டும். யூனிகோடு இதற்கென ஒரு விதித்தொகுப்பை வைத்திருக்கிறது. அதன் இருபத்தொன்பதாம் பின்னிணைப்பு, படிப்பவர் ஒரே எழுத்தாகக் கொள்ளும் குறியெண்களை எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்பதை வரையறுக்கிறது. தமிழுக்கு அது ஏறத்தாழ நாம் பள்ளியில் படித்த கணக்கையே தருகிறது: உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் ஒவ்வொன்றும் ஓர் அலகு. பைத்தானின் இயல்பான re தொகுதியில் இந்த வசதி இல்லை. regex என்ற தனித்தொகுதியில் \X என்று எழுதினால் கிடைக்கும். பெர்லில் அதே \X உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் Intl.Segmenter இதைச் செய்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் ஒரு சரத்தின் count நேரடியாகவே இந்த அலகுகளை எண்ணித் தருகிறது.

இதற்குக் குறுக்குவழி தேடுபவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். பைத்தானின் unicodedata.combining சுழியல்லாத எண்ணைத் தரும் குறிகளை மட்டும் விட்டுவிட்டு எண்ணினால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். தமிழில் அப்படிச் சுழியல்லாத எண் பெறுவது மெய்ப்புள்ளி மட்டுமே. உயிர்க்குறிகள் எல்லாமே 0 என்று வரும் என்பதால் கால், கொம்பு எல்லாம் தனி எழுத்தாக எண்ணப்பட்டுவிடும். இன்னும் சிலர், தனி இடம் எடுக்காத குறிகளுக்கு யூனிகோடு வைத்திருக்கும் Mn என்ற வகையை மட்டும் நீக்குவார்கள். தமிழின் உயிர்க்குறிகளில் Mn வகையில் இருப்பது ஈகாரக் குறி ஒன்றுதான். புள்ளியும் அதில் சேரும். மற்ற எல்லாம் தனி இடம் எடுக்கும் குறிகளுக்கான Mc. ஆகவே அந்தக் கணக்கில் ‘சீ’ ஓர் எழுத்து, ‘சி’ இரண்டு எழுத்து என்ற விந்தையான விடை வரும். Mn, Mc இரண்டையும் நீக்கினால் சரியாக வரும். ஆனாலும் \X இருக்கும்போது அந்த வேலை எதற்கு?

மடிக்கும் செயற்கூற்றை எழுதும்போது நான் பரிந்துரைப்பது, நீளத்தை அளக்கும் வேலையை அதற்கு வெளியே வைத்துவிடுவதை. காரணம் பின்னால் தெரியும்.

```python
import regex

def ezhuthu(s):
    return len(regex.findall(r'\X', s))

def madi(text, width, measure):
    lines, line = [], ''
    for word in regex.split(r'[ \t\n]+', text.strip(' \t\n')):
        trial = line + ' ' + word if line else word
        if not line or measure(trial) <= width:
            line = trial
        else:
            lines.append(line)
            line = word
    if line:
        lines.append(line)
    return lines
```

madi(text, 32, ezhuthu) என்று அழைத்தால் நம் வாசகம் இரண்டே வரியில் அடங்கும். முதல் வரியில் ‘ரசீதுடன்’ வரை ஐந்து சொற்கள், 28 எழுத்து. அடுத்த சொல் சேர்ந்தால் 36 ஆகிவிடும் என்பதால் அது கீழே போகும். இரண்டாம் வரி 17.

சொற்களைப் பிரிக்க வெறும் text.split() போடாமல் இடைவெளி, தாவல், வரிமுறிவு என்று வெளிப்படையாக எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. ‘ரூ. 250’ என்பதில் ரூபாய்க் குறி ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் பிரிந்து போகாமலிருக்க, இடையில் U+00A0 என்ற பிரியா இடைவெளியை வைப்பது வழக்கம். பைத்தானின் split(), அடைப்புக்குள் எதுவும் தராவிட்டால், இதையும் சாதாரண இடைவெளியாகவே கருதிப் பிரித்துவிடும். மேலே உள்ள வடிவம் அதைத் தொடாது.

எல்லையைவிட நீளமான தனிச்சொல்லை இந்த நிரல் வெட்டாது. அப்படியே ஒரு வரியாக விட்டுவிடும். சொல்லை உடைக்கக் கூடாது என்பதை நேர்மையாகப் பின்பற்றினால் இதுதான் விளைவு. திரையில் அது வலப்பக்கம் நீண்டு நிற்கும், கேடில்லை. தாளில் விளிம்போடு போய்விடும் என்பதால் அங்கே வெட்டியே ஆக வேண்டும். தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘முதுநகரிலிருந்து’ என்று இடப்பெயரோடு இரண்டு உருபுகள் சேர்ந்தாலே ஒன்பது எழுத்தாகிவிடுகிறது. நம் செய்தித்தாள்களின் ஒடுக்கமான பத்திகளில் சொல்லை இணைப்புக்கோடு இல்லாமலே உடைத்து அடுத்த வரியில் தொடர்வதும் பழைய வழக்கம்தான். அப்படி உடைக்கும்போதும் மெய்யெழுத்தில் ஒரு வரி தொடங்கினால் படிக்கிறவர் தடுமாறுவார், ஏனென்றால் தமிழில் எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்குவதில்லை. ஆகவே வெட்டும் இடத்துக்கு அடுத்த எழுத்து மெய்யாக இருந்தால் ஓர் எழுத்து பின்வாங்கி வெட்டலாம்:

```python
def vettu(word, width):
    g = regex.findall(r'\X', word)
    n = width
    while n > 1 and g[n].endswith('\u0bcd'):
        n -= 1
    return ''.join(g[:n]), ''.join(g[n:])
```

சொல் எல்லையைவிட நீளம் என்று உறுதியான பிறகே இதை அழைக்க வேண்டும். ‘முதுநகரிலிருந்து’ என்பதை 7 எழுத்துக்கு வெட்டச் சொன்னால், ஏழு எழுத்துக்குப் பிறகு வருவது ‘ந்’; அதனால் ஒன்று பின்வாங்கி ‘முதுநகரிலி’, ‘ருந்து’ என்று பிரிக்கும். அழகான பிரிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘ந்து’ என்று ஒரு வரி தொடங்குவதைவிட மேல்.

இங்கே \X கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது: க்ஷ, ஸ்ரீ. ‘க்ஷ’ கண்ணுக்கு ஒரே வடிவம். சேமிப்பில் க, மெய்ப்புள்ளி, ஷ என்று மூன்று குறியெண். \X இதை ‘க்’, ‘ஷ’ என்று இரண்டு அலகாகவே பார்க்கும். 2023-இல் வந்த யூனிகோடு 15.1 பதிப்பு, தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலிய எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளை ஒரே அலகாகப் பிடிக்கும் விதியைச் சேர்த்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பொதுவாகத் தமிழுக்கு இது சரிதான்: நமக்கு ‘ந்து’ இரண்டு எழுத்து, ஒன்றாக்கினால் கணக்கே கெட்டுவிடும். கிரந்தக் கூட்டெழுத்துகள் இரண்டு மட்டும்தான் இடிக்கின்றன. எண்ணிக்கையில் ஒன்று கூடினால் பெரிய பாதகமில்லை. ஆனால் vettu அவற்றின் நடுவில் வெட்டினால் ஒட்டிநின்ற வடிவம் பிளந்து, ‘மீனாக்ஷி’யில் மேல் வரி ‘க்’ என்று முடிந்து கீழ் வரி ‘ஷி’ என்று தொடங்கும். பெயர்களில் இது அசிங்கமாகத் தெரியும். ‘க்’குக்குப் பின் ‘ஷ’ வரிசையோ, ‘ஸ்’ஸுக்குப் பின் ‘ரீ’யோ வந்தால் அங்கே வெட்டாமல் பின்வாங்கு என்று ஒரு நிபந்தனையை மேலே சேர்த்துக்கொள்வது போதும்.

உள்ளே வரும் உரை எப்படித் தட்டச்சு செய்யப்பட்டது என்பதும் விடையை மாற்றும். ஒகரக் குறியை U+0BCA என்று ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக U+0BC6, U+0BBE என்று இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடின் விதிப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று சமம், திரையிலும் வேறுபாடு தெரியாது. எழுத்தாக எண்ணினால் எப்படியிருந்தாலும் விடை ஒன்றே. குறியெண்ணாக எண்ணும் நிரலில் ஒரே வாசகம் இரண்டு கணினிகளில் வெவ்வேறு இடத்தில் மடியும். unicodedata.normalize('NFC', text) என்ற ஒரு வரி இதைச் சீராக்கும். அது சீராக்காத பிழை ஒன்று உண்டு: ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டுவது. ‘கௌ’ ஓர் எழுத்து, ‘கெள’ இரண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பொருள் பட்டியல்களில் இது நிறையவே கிடக்கிறது. எந்த நூலகமும் இதைத் தானாகத் திருத்தாது, திருத்தவும் கூடாது, ஏனென்றால் ‘கெளிறு’ என்று மீனின் பெயர் வந்தால் அங்கே ளகரம் உண்மையான ளகரம்.

இணையத்திலிருந்து நகலெடுத்த உரையில் அகலமில்லாத குறிகளும் ஒட்டிக்கொண்டு வரும். U+200B என்ற அகலமற்ற இடைவெளியை \X தனி அலகாகவே எண்ணும். கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். பிரிண்டருக்கும் முனையத்துக்கும் அனுப்பும் கட்டளைகளும் அப்படியே. முனையத்தில் தடித்த எழுத்தைத் தொடங்கும் \x1b[1m என்பது நான்கு குறியெண், திரையில் அதற்கு இடமே இல்லை. அதை முடிக்கும் \x1b[0m இன்னும் நான்கு. ஒரு சொல்லைத் தடிமனாக்கினால் அந்த வரி மட்டும் எட்டு எழுத்து முன்னதாகவே மடிகிறது என்றால் காரணம் இதுதான். அளக்கும் செயற்கூறு முதலில் இவற்றை நீக்கிவிட்டு மீதியை எண்ண வேண்டும். மடித்த வரியில் மட்டும் அவை அப்படியே இருக்க வேண்டும். அளப்பதற்கு ஒரு நகல், அச்சிடுவதற்கு மூலம் என்று பிரித்து வைத்தால் குழப்பமில்லை. madi அளவியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதால், நீக்கும் வேலையை அளவிக்குள்ளேயே முடித்துவிடலாம்:

```python
def theriyum(s):
    s = regex.sub(r'\x1b\[[0-9;]*m|\u200b', '', s)
    return ezhuthu(s)
```

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்தைச் சரியாக எண்ணுவது பற்றி. எழுத்தைச் சரியாக எண்ணிவிட்டால் தாளில் சரியாக அடங்குமா என்றால், அடங்காது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வரியாக மடித்ததில் முதல் வரி 28 எழுத்து. 384 அச்சுப்புள்ளியை 28-ஆல் வகுத்தால் எழுத்துக்கு 13 முதல் 14 அச்சுப்புள்ளி வரும். ஆங்கில எழுத்துக்கு 12 போதும். 24 அச்சுப்புள்ளி உயரத்தில் படிக்கும்படி வரைந்த ‘ளை’யோ ‘பொ’வோ 13-க்குள் நுழையவே நுழையாது, ‘பொ’வில் கொம்பு, பகரம், கால் என்று மூன்று வடிவங்கள் பக்கவாட்டில் நிற்கின்றன. ‘ர’வும் ‘ணௌ’வும் எழுத்துக் கணக்கில் ஒன்றுக்கொன்று சமம். தாளில் முன்னதைப் போல மூன்று நான்கு மடங்கு இடத்தைப் பின்னது பிடிக்கும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற எண்ணம் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகள் அதற்குள் அடங்க மறுக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குறியெண் கணக்கு எழுத்தைத் தவறாக எண்ணினாலும் அகலத்தை ஓரளவு சரியாக ஊகித்துவிடுகிறது, ஏனென்றால் கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகிய குறிகள் உண்மையிலேயே தனி இடம் எடுக்கின்றன. லினக்ஸ் முனையங்கள் அகலத்தைக் கணக்கிடும் wcwidth மரபிலும் இதே எண்ணம் இருக்கிறது: பழைய வடிவங்களில் Mn வகைக்கு 0, Mc வகைக்கு 1. அதன்படி ‘கடலூர்’ 5 கட்டம். ஆனால் உகர ஊகாரக் குறிகள் எழுத்தோடு ஒட்டி அதன் வடிவையே மாற்றுகின்றன. இகரக் குறி தலைக்கு மேல் வளைகிறது. அவற்றுக்கு ஒரு முழுக் கட்டம் என்பது மிகை. வெவ்வேறு முனையங்கள் இதை வெவ்வேறாக முடிவு செய்வதால்தான், தமிழ் வரியின் மேல் சுட்டியை நகர்த்தும்போது சிலவற்றில் அது எழுத்துக்கும் சுட்டிக்கும் தொடர்பில்லாமல் தள்ளி நிற்கிறது.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே எண் உண்டு. அதில் len போட்டாலே எழுத்து எண்ணிக்கை கிடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் அகலச் சிக்கல் அதிலும் அப்படியேதான் இருந்திருக்கும்.

தாளில் மடிக்க, அகலத்தை எழுத்துருவிடமே கேட்பதுதான் வழி. இவ்வகை பிரிண்டர்கள் பலவற்றின் உள்ளே தமிழ் எழுத்துருவே கிடையாது. தமிழ் வரியைக் கணினியிலோ கைப்பேசியிலோ படமாக வரைந்து, அந்தப் படத்தைத்தான் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. படமாக வரைவதால் அளப்பதும் எளிதாகிறது. madi அளவியை வெளியே வைத்ததன் பயன் இங்கே:

```python
from PIL import ImageFont

font = ImageFont.truetype('NotoSansTamil-Regular.ttf', 24,
           layout_engine=ImageFont.Layout.RAQM)
lines = madi(text, 384, font.getlength)
```

மடிக்கும் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. எல்லை 32-க்குப் பதில் 384. அளவி எழுத்தை எண்ணுவதற்குப் பதில் அச்சுப்புள்ளியைத் தருகிறது. வெவ்வேறு அகலமுள்ள எழுத்துகள், ஆங்கிலப் பெயர், எண்கள் எல்லாம் ஒரே வரியில் கலந்திருந்தாலும் இது தாங்கும். அதற்கு மேல் நீளும் தனிச்சொல்லை வெட்ட வேண்டியிருந்தால் வெட்டும் இடத்தை அச்சுப்புள்ளியால் தேட வேண்டும். ஆனால் வெட்டும் அலகு அப்போதும் \X தரும் எழுத்துதான். ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்து getlength-ஐக் கேட்டு, மீறும் எழுத்துக்கு முன்னால் நிறுத்தி, மெய் என்றால் பின்வாங்கினால் ஆயிற்று. எழுத்துகளைத் தனித்தனியே அளந்து கூட்டாமல், சேர்ந்த துண்டை முழுதாக அளப்பது நல்லது, ஏனென்றால் அருகருகே வரும்போது சில வடிவங்கள் ஒன்றோடொன்று நெருங்கும்.

RAQM என்று குறிப்பிட்டிருப்பதை விட்டுவிடக் கூடாது. தமிழில் ஒற்றைக்கொம்பு சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருக்கிறது, வரையும்போது முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யும் வடிவமைப்புப் பொறி இல்லாமல் வரைந்தால் ‘பெ’ என்பதில் பகரம் முதலிலும் கொம்பு பிறகும் வரும். அந்தப் பொறி நிறுவப்படாத கணினியில், மேலே PIL என்று அழைத்த Pillow நூலகம் எளிய முறைக்குத் தானாக இறங்கிவிடும். அளவும் தவறும், படமும் தவறும். features.check('raqm') என்ற வினாவுக்கு ‘ஆம்’ வருகிறதா என்று தொடங்கும்போதே பார்த்துவிட வேண்டும். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றனவா என்பதையும் ஒருமுறை அச்சடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இல்லாதவை வெற்றுக் கட்டங்களாக வரும்.

மடித்த பிறகு சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். வரிகளை இடைவெளி வைத்து மீண்டும் இணைத்தால் மூல வாசகம் கிடைக்கிறதா என்பது ஒன்று. சொல் ஏதும் உடைந்திருந்தால் இதில் தெரிந்துவிடும். எந்த வரியின் முதல் குறியெண்ணாவது Mn அல்லது Mc வகையைச் சேர்ந்ததா என்பது இன்னொன்று. அப்படி இருந்தால் எழுத்து உடைந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ‘வணக்கம்’ போன்ற குட்டைச் சொல்லைத் தருவதில் பயனில்லை. ‘மாற்றிக்கொள்ளலாம்’, ‘லக்ஷ்மி’, இரண்டாகப் பிரித்துத் தட்டிய ஒகரம், பிரியா இடைவெளியுடன் ஒரு தொகை, நடுவில் தடித்த சொல் என்று ஐந்தையும் கலந்து தந்து, எல்லையை 5 முதல் 40 வரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் எந்த நிரலும் தன் உண்மை நிறத்தைக் காட்டிவிடும்.

கடைசியாக, தொகை எழுதும் பகுதி. பொருளின் பெயரை 16 கட்டத்துக்கு மடித்த பிறகு, மீதியை இடைவெளியால் நிரப்பி அடுத்து விலையை எழுதுவது ஆங்கிலப் பில்களின் வழக்கம். பைத்தானின் ljust குறியெண்ணை எண்ணுவதால் ‘நைலான் கயிறு’ என்ற பெயருக்கு 12 என்று கணக்கிட்டு நான்கு இடைவெளிதான் சேர்க்கும். அந்தப் பெயரில் இருப்பவை இடைவெளியோடு சேர்த்து ஏழு எழுத்து. எழுத்தை எண்ணி ஒன்பது இடைவெளி சேர்த்தாலும், எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுவதால் விலைகள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. படமாக வரையும்போது இடைவெளியால் நிரப்பும் பழக்கத்தையே விட்டுவிடலாம்: பெயரை இடது ஓரத்திலிருந்து வரைந்து, விலையின் அகலத்தை getlength-இல் கேட்டு, 384-இலிருந்து அதைக் கழித்து வரும் புள்ளியில் விலையை வரையத் தொடங்கினால், பெயர் எத்தனை வரியாக மடிந்திருந்தாலும் தொகைகளின் கடைசி இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.